32 சதவீதம், எதிலிருந்து? ஆலை மேலாளரின் சுயவிவரத்தை வாசிப்பதில் நேரும் தவறுகள்

ஓசூர்ப் பக்கம் ஓர் அலுமினியம் டை காஸ்டிங் ஆலைக்குப் பிளான்ட் ஹெட் தேவைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் கேட்பது நான்கு: இருக்கிற இயந்திரங்களிலேயே உற்பத்தியைக் கூட்ட வேண்டும், இயந்திரம் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், தொழிற்சங்கம் உள்ள ஆலையில் 420 பேரை வைத்து வேலை வாங்க வேண்டும், உற்பத்திச் செலவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். வந்த சுயவிவரங்களில் ஒன்று முதல் பார்வையிலேயே ஆளை இழுக்கிறது. "இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி 32 சதவீதம் உயர்வு. பிரேக்டவுன் 9 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைப்பு. 650 பேருக்குத் தலைமை. 180 கோடி ரூபாய் பட்ஜெட், 4.2 கோடி சேமிப்பு."

இந்தச் சுயவிவரம் நான் இட்டுக்கட்டியது. ஆனால் இதன் அண்ணன் தம்பிகள் என் மேஜைக்கு வராத மாதம் இல்லை.

இங்கே எல்லோரும் செய்யும் முதல் தவறு, விளம்பரத்தின் நான்கு வரிக்கும் சுயவிவரத்தின் நான்கு வரிக்கும் நேருக்கு நேர் கோடு இழுத்து, நான்கிலும் சரி போட்டுவிடுவது. உற்பத்தி கேட்டோம், உற்பத்தி இருக்கிறது. ஆள் கேட்டோம், கேட்டதைவிட அதிகமாகவே இருக்கிறது. அப்படித்தான் ஒரு முறை நானும் ஒருவரை நேர்காணலின் கடைசிச் சுற்றுவரை கொண்டுபோய் நிறுத்தினேன். ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், உருக்கும் உலைக்குப் பக்கத்தில் நின்று முதலில் கேட்டது, "புது இயந்திரம் எப்போது வருகிறது?" என்றுதான். புது இயந்திரம் எதுவும் வருவதாக இல்லை. அவர் மீது தவறில்லை. வாசித்த எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

அந்த 32 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். சதவீதம் மட்டும் தனியாக நின்றால் அது எதையும் சொல்லாது. எத்தனை இயந்திரங்களில், மாதத்துக்கு எத்தனை நல்ல உருப்படிகள் என்று தொலைபேசியில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். நம் கதையில் விடை இது: தொடக்கத்தில் 10 இயந்திரங்கள், மாதம் 2,50,000 உருப்படிகள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 13 இயந்திரங்கள், 3,30,000 உருப்படிகள். 32 சதவீதம் சரிதான். ஆனால் ஓர் இயந்திரத்துக்கு 25,000 ஆக இருந்தது ஏறத்தாழ 25,385 ஆகியிருக்கிறது. உயர்வு ஒன்றரை சதவீதம். மீதியெல்லாம் நிறுவனம் பணம் போட்டு வாங்கிய மூன்று இயந்திரங்களின் கணக்கு.

இதை வைத்து அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. மூன்று புதிய இயந்திரங்களை இறக்கி, அடித்தளம் போட்டு, ஆட்களைப் பழக்கி, பழைய இயந்திரங்களின் வேகத்துக்கு அவற்றைக் கொண்டுவருவது சின்ன வேலையல்ல. விரிவாக்கத்தில் இருக்கும் ஆலைக்கு அவர் பொருத்தமானவராக இருக்கலாம். நம் விளம்பரம் கேட்பது இருக்கிற இயந்திரங்களிலிருந்து கூடுதல் உற்பத்தியை. இரண்டும் வேறு வேறு திறமைகள்.

அடிப்படை ஆண்டையும் பார்க்க வேண்டும். 2020-21ஐ அடிப்படையாக வைத்த எந்த உயர்வையும் நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன். 2020 மார்ச் 25 முதல் ஊரே முடங்கியது. வாகன உதிரிபாக ஆலைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்தப் பள்ளத்திலிருந்து அளந்தால் சும்மா இருந்தவரும் மேலே ஏறியிருப்பார்.

இனி இயந்திரம் நின்ற நேரம். ஏமாறுவதற்கு இதைவிட வசதியான எண் இல்லை, ஏனென்றால் ஒவ்வோர் ஆலையும் இதைத் தன் விருப்பப்படி எண்ணுகிறது. ஓர் ஆலையில் பத்து நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தம் பதிவேட்டிலேயே ஏறாது. இன்னோர் ஆலையில் வார்ப்பு அச்சான டையை மாற்றும் மூன்று மணி நேரம் "திட்டமிட்ட நிறுத்தம்" என்று தனிப் பத்தியில் போய்விடும். ஆர்டர் இல்லாமல் நின்ற நேரத்தைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். ஹைட்ராலிக் குழாய் ஒழுகி நின்ற இயந்திரத்தில், "நின்றதுதான் நின்றது, டையையும் மாற்றிவிடுவோம்" என்று முடிவெடுத்தால், அந்த ஷிப்டின் நேரம் முழுவதும் எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்பது ஷிப்ட் மேற்பார்வையாளரின் பேனாவில் இருக்கிறது. எனவே 9 என்பது 4 ஆனது என்று படித்ததும் எழ வேண்டிய கேள்வி: இயந்திரம் ஓடியதா, தலைப்பு மாறியதா?

இதைக் கண்டுபிடிக்க அவருடைய முதல் எண்ணே உதவும். மாதம் 26 நாள், நாளுக்கு 24 மணி என்றால் ஓர் இயந்திரத்துக்கு 624 மணி நேரம். அதில் 9 சதவீதம் 56 மணி, 4 சதவீதம் 25 மணி. ஆக, ஒவ்வோர் இயந்திரத்திலும் மாதம் 31 மணி நேரம் மீட்டிருக்கிறார். பழைய கணக்கில் 25,000 உருப்படிகளை 624ஆல் வகுத்தால் எல்லா நிறுத்தமும் உட்பட மணிக்கு 40 வருகிறது. அந்த மெதுவான வேகத்திலேயே கணக்கிட்டாலும் 31 மணி நேரத்துக்கு 1,240 உருப்படிகள் கூடுதலாக வந்திருக்க வேண்டும். வந்தது 385. மீதி எங்கே போயிற்று?

இதற்கு நேர்மையான பதில்கள் உண்டு. எடை கூடிய, அதனால் சுழற்சி நேரம் நீண்ட வார்ப்புகள் வந்திருக்கலாம். புதிய இயந்திரங்கள் முதல் சில மாதங்கள் திணறி, சராசரியைக் கீழே இழுத்திருக்கலாம். ஆர்டர் அவ்வளவுதான் இருந்திருக்கலாம். உண்மையிலேயே அந்த ஆலையை நடத்தியவர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் உருப்படியின் பெயரைச் சொல்லி விளக்குவார். எந்த இயந்திரம் தொல்லை கொடுத்தது என்றும் சேர்த்தே சொல்வார். அறிக்கையை மட்டும் பார்த்தவர் பராமரிப்புத் திட்டங்களின் பெயர்களை அடுக்கத் தொடங்குவார். இந்த வேறுபாடு நேர்காணலில் மிகத் தெளிவாகத் தெரியும்.

650 பேர் என்ற வரியில் அளவைப் பார்த்து மயங்குவதுதான் வழக்கமான தவறு. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை, பயிற்சியாளர் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். நம்மவர் விஷயத்தில் நிரந்தரத் தொழிலாளர் 140 பேர், சங்கம் இல்லை, மீதி 510 பேர் ஒப்பந்ததாரர் வழியாகவும் பயிற்சித் திட்டத்திலும் வந்தவர்கள். இதுவும் கஷ்டமான நிர்வாகம்தான். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று தெரியாமல் ஷிப்டை நிரப்புவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஆனால் நம் ஆலையில் பிரச்சினை ஆள் வருவதில் இல்லை. இருபது ஆண்டுகளாக இருப்பவர்களிடம் உற்பத்தி அளவைப் பேசி முடிவு செய்வதில் இருக்கிறது. ஊதியப் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்தவரா, பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் வரும் ஒப்பந்தம் ஒன்றைச் சமரச அதிகாரி முன் கையெழுத்தாகும்வரை கொண்டுபோனவரா, அந்த ஒப்பந்தத்தில் உற்பத்தி அளவு பற்றி என்ன இருந்தது என்பதுதான் இங்கே எடை. 200 பேர் ஆலையில் அதைச் செய்தவர், 650 பேரைக் காட்டியவரைவிட நமக்கு நெருக்கமானவர்.

இந்த எண்ணையும் உற்பத்தியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் 480 என்கிறார். ஆள் எண்ணிக்கை 35 சதவீதம் கூடியிருக்கிறது, உற்பத்தி 32. தலைக்கு 521 உருப்படிகள் என்பது 508 ஆகியிருக்கிறது. வெளியே கொடுத்துச் செய்துவந்த பிசிறு நீக்கும் வேலையையோ மெஷினிங்கையோ ஆலைக்குள் கொண்டுவந்திருந்தால் இது நியாயம். கொண்டுவரவில்லை என்றால், 4.2 கோடி சேமிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கூர்மையாகிறது.

180 கோடி என்பது பெரும்பாலும் ஆலையின் ஆண்டு விற்பனைத் தொகையாகத்தான் இருக்கும். அதைப் "பட்ஜெட்" என்று எழுதுவது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதில் அலுமினியத்துக்கே நூறு கோடிக்கு மேல் போய்விட்டது. அதை வாங்கியது தலைமை அலுவலகம், விலை ஏறி இறங்குவதை வாடிக்கையாளரோடு அவ்வப்போது சரிக்கட்டிக்கொண்டதும் அவர்களே. தேய்மானம், வட்டி, அதிகாரிகள் சம்பளம் எதிலும் ஆலை மேலாளருக்குக் கையில்லை. கழித்துக்கொண்டே வந்தால் மின்சாரம், உலைக்கு எரிவாயு, டை பராமரிப்பு, எண்ணெய், ஒப்பந்தக் கூலி, ஓவர்டைம், ரிஜெக்ஷன் ஆகியவை நிற்கும். நம் கணக்கில் அது 38 கோடி. அவர் கையில் இருந்தது அதுதான். 38 கோடியில் 4.2 கோடி, அதாவது 11 சதவீதம், உண்மையென்றால் பெரிய சாதனை. அது ஒரே ஆண்டில் நடந்ததா, ஒவ்வோர் ஆண்டும் தொடர்கிறதா, தலைமை அலுவலகம் பேசிக் குறைத்த விலையும் அதற்குள் இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். உலோக விலை நீங்கலாக, கிலோ வார்ப்புக்கு மாற்றுச் செலவு எவ்வளவிலிருந்து எவ்வளவாயிற்று என்று கேட்பதே சுருக்கு வழி. அந்த எண்ணைச் சொல்ல முடியாதவர் செலவைச் சுமந்திருக்க மாட்டார். செலவு அறிக்கையின் நகல் மட்டும் அவருக்குப் போயிருக்கும். எவ்வளவு ரூபாய்வரை யாரையும் கேட்காமல் கையெழுத்திட முடிந்தது என்பதையும் நான் கேட்பதுண்டு. 180 கோடிக்காரர் பலர் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினாலே அனுமதி கேட்டுச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்களே.

நம் கதையின் அதே குவியலில் அடியில் கிடந்த இன்னொரு சுயவிவரத்தைச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் அதே எட்டு இயந்திரங்கள். ஓர் இயந்திரத்துக்கு 24,000 உருப்படிகள் 25,000 ஆயின. 4 சதவீதம்தானே என்று தாண்டிவிடத் தோன்றும். அடுத்த வரி, டை மாற்றும் நேரம் 3 மணி 10 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடமானது, ஓர் இயந்திரத்துக்கு மாதம் 12 மாற்றங்கள் என்கிறது. 80 நிமிடம் 12 முறை, 16 மணி. மணிக்கு 40 என்றால் 640 உருப்படிகள். ரிஜெக்ஷன் ஐந்தரை சதவீதத்திலிருந்து 4 ஆனது என்று அதற்கடுத்த வரி. அது ஏறக்குறைய 375. கூட்டினால் ஆயிரத்தைத் தொட்டுவிடுகிறது. மூன்று வரிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. 210 பேர், அவர்களில் பெரும்பாலோர் நிரந்தரத் தொழிலாளர். ஒரு 12(3) ஒப்பந்தம்.

செலவு பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்து "செலவுப் பொறுப்பு இல்லாதவர்" என்று குறித்துவைப்பது நம் பக்கத்துத் தவறு. செலவுக் கணக்கை ஆலைக்கு அனுப்பாமல் பூட்டி வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் ஏராளம்; கணக்கைப் பார்க்காதவர் நேர்மையாக அதை எழுதாமல் விட்டிருக்கலாம். எரிவாயுவும் ஓவர்டைமும் மாதம் எவ்வளவு ஆகும் என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்புவேன். இரண்டு பேருக்கும் தொலைபேசியில் தலா இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் பேசப்போவது இவரிடம்.