61 வயதில் முதல் ரெஸ்யூமே: ஓய்வுபெற்ற அரசு கிளார்க்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 1989-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2023-ல் மாவட்டக் கல்வி அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற அப்பா. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகள். ஊரில் உள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியின் தாளாளருக்கு, ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகளைச் சரிபார்க்கவும் ஓய்வூதியக் கருத்துருக்களைத் தயாரிக்கவும் வாரம் இரண்டு நாள் வந்துபோகும் ஆள் வேண்டும். அப்பாவைக் கேட்டார்கள், அவரும் சரி என்றார். "நிர்வாகக் குழுவில் வைக்கணும், ஒரு ரெஸ்யூமே மட்டும் அனுப்பிடுங்க சார்" என்றதும்தான் சிக்கல். தேர்வாணையத் தேர்வு எழுதி உள்ளே போனவர். அதன்பின் பதவி உயர்வெல்லாம் பணிமூப்புப் பட்டியலில் வந்தது. தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் தேவையே அவருக்கு வந்ததில்லை.

அவர் எழுதிக் கொடுத்த முதல் பிரதி இப்படித் தொடங்கும்: தந்தை பெயர், பிறந்த தேதி, சமூகம், திருமண நிலை. பிறகு "12.06.1989 மு.ப. இளநிலை உதவியாளராகப் பணியேற்பு" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு மாறுதலும் பணிவிடுவிப்பும் மு.ப., பி.ப. சகிதம் இரண்டு பக்கத்துக்கு ஓடும். கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்." பணிப்பதிவேட்டின் சுருக்கமே ரெஸ்யூமே ஆகிவிட்டது. ஓய்வுபெற்றவர்கள் எழுதும் பிரதிகளில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் தவறு இதுதான். அலுவலகத்துக்குள் ஒருவரை எடைபோடப் பதவியும் மூப்பும் போதும். தாளாளருக்கோ அந்த ஏழு மாறுதல்கள் எதையும் சொல்லாது. அவர் தேடுவது ஒரே பதில்: என் பள்ளியில் தேங்கிக் கிடக்கும் வேலையை இவர் முடித்துத் தருவாரா?

அந்தப் பதில் அப்பாவிடம் இருக்கிறது, ஆனால் பதவிப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க, 'என்ன பதவி' என்பதை விட்டுவிட்டு அவர் உட்கார்ந்து வேலை பார்த்த ஒவ்வொரு சீட்டாக எடுத்து, மேசைக்கு என்ன வந்தது, என்னவாகப் போனது என்று கேட்க வேண்டும்.

"ஏ3 சீட்டுல என்னப்பா பாத்தீங்க?"

"எஸ்டாபிளிஷ்மென்ட்மா."

"அது பேரு. காலையில மேசைக்கு என்ன வரும்?"

"பென்ஷன் புரொபோசல் வரும். ஸ்கூல்ல இருந்து அனுப்புவாங்க. எங்க, முழுசா வரும்? எஸ்.ஆர்.ல ஏதாவது ஓட்டை இருக்கும்."

"என்ன ஓட்டை?"

இந்தக் கேள்விக்கு அவர் பத்து நிமிடம் பேசுவார். சில ஆண்டுகளுக்குப் பணிச் சரிபார்ப்புப் பதிவே இருக்காது. பணிவரன்முறை ஆணையும் தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும் பதிவேட்டில் ஏறியிருக்காது. ஈட்டிய விடுப்புக் கணக்கு நடுவில் எங்கோ நின்றிருக்கும். திருமணத்துக்கு முன் கொடுத்த வாரிசு நியமனம் அப்படியே கிடக்கும். ஊதிய நிர்ணயத்தில் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு தவறான காலாண்டில் விழுந்திருந்தால், அதற்குப் பின் வந்த அத்தனை தொகையும் தப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து குறிப்புரையோடு திரும்பிவிடும், ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதக்கணக்கில் காத்திருப்பார். இந்தப் பத்து நிமிடப் பேச்சுதான் ரெஸ்யூமேயின் உடம்பு. பேசும்போதே மகள் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதித் தரச் சொன்னால் மறுபடி "பணியமைப்புப் பணிகள் கவனிக்கப்பட்டன" என்றுதான் வரும்.

அடுத்த தவறு அந்த "கவனிக்கப்பட்டன"தான். கோப்புக் குறிப்பில் 'நான்' கிடையாது. "பரிசீலிக்கப்பட்டது", "சமர்ப்பிக்கப்படுகிறது", "ஆணை வேண்டப்படுகிறது" என்றே கை பழகியிருக்கும். அங்கே அது நியாயமான மரபு. ரெஸ்யூமேயில் அதுவே வேலை செய்தவரை மறைத்துவிடும். "ஓய்வூதியக் கருத்துருக்கள் பரிசீலிக்கப்பட்டன" என்று படிப்பவருக்கு, பரிசீலித்தவர் இவரா, பக்கத்து சீட்காரரா என்று தெரியாது. "பள்ளிகளிலிருந்து வந்த ஓய்வூதியக் கருத்துருக்களைப் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுக் குறை கண்டு, திருத்தி வாங்கி, மாநிலக் கணக்காயருக்கு அனுப்பும் நிலைக்குக் கொண்டுவந்தேன்" என்றால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

இதைக் கண்டதும் மகள் எதிர்த்திசையில் ஒரு தவறு செய்வார். தன் துறையில் பழகிய வார்ப்பில் ஊற்றி, "140 பேரின் ஊதிய நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கினேன்", "ஓய்வூதியங்களுக்கு ஒப்புதல் வழங்கினேன்" என்று எழுதிவிடுவார். ஐடி ரெஸ்யூமேயில் இது செல்லும். இங்கே செல்லாது. கோப்பு வைப்பவர் கிளார்க், கையெழுத்து அலுவலருடையது, சம்பளப் பட்டியலுக்குப் பொறுப்பு பணம் பெற்று வழங்கும் அலுவலர். முப்பது வருடம் கல்வி அலுவலகப் படியேறிய தாளாளருக்கும் தலைமையாசிரியருக்கும் இது நன்றாகத் தெரியும். "ஒப்புதல் வழங்கினேன்" என்ற ஒரு வரியைப் பார்த்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். "தயாரித்தேன்", "சரிபார்த்தேன்", "வரைவு எழுதினேன்", "தணிக்கைத் தடைக்குப் பதில் தயாரித்தேன்" ஆகிய நான்கு வினைகளே போதும். தாளாளர் கூலி கொடுக்கப்போவதும் இந்த வேலைகளுக்குத்தான்.

எண்ணிக்கை எழுதுவதில் பெரும்பாலோர் திணறுவார்கள். ஓய்வுபெற்ற பின் பதிவேட்டைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் கணக்கிட முடியும். நம் உதாரணத்தில் அப்பா ஓய்வூதிய சீட்டில் எட்டு வருடம் இருந்தார், வருடத்துக்குச் சுமார் 15 கருத்துருக்கள் வந்ததாக நினைவு. பெருக்கினால் 120. ரெஸ்யூமேயில் "100-க்கு மேற்பட்ட" என்று இறக்கி எழுதுவதே முறை. யாராவது "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் இந்தக் கணக்கையே சொல்லலாம். "ஆயிரக்கணக்கான கோப்புகள்" என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும் எதையும் சொல்லாது.

மாதிரி காட்டுவதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. திறமையைக் காட்டும் ஆசையில், வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய கருத்துரு நகலை ரெஸ்யூமேயோடு இணைத்துவிடுவார்கள். அது வேறொருவரின் பிறந்த தேதியும் வங்கிக் கணக்கும் குடும்ப விவரமும் அடங்கிய தாள். அலுவலகக் காகிதத்தை இப்படி வெளியே கொடுப்பவர் நாளை நம் பள்ளிக் காகிதத்தையும் கொடுப்பார் என்றுதான் நிர்வாகக் குழு நினைக்கும். கற்பனையாக ஓர் ஆசிரியரை வைத்து ஒரு பக்க ஊதிய நிர்ணயத் தாளைப் புதிதாகப் போடுங்கள். 2017 ஊதியத் திருத்தத்துக்கு ஒன்று போதும்: 1.1.2016-ல் அடிப்படை ஊதியமும் தர ஊதியமும் சேர்த்து 20,000 ரூபாய் என்றால், 2.57-ஆல் பெருக்க 51,400. ஊதிய அட்டவணையில் அவருடைய நிலையில் அதற்குச் சமமான கட்டம், இல்லையென்றால் அடுத்த உயர்ந்த கட்டம். பணப்பயன் 1.10.2017 முதல். அதன் கீழே ஆண்டு ஊதிய உயர்வுகளை வரிசையாக. இந்த ஒரு தாள், பத்து வருட அனுபவம் என்று எழுதும் வரியைவிட அதிகம் பேசும்.

கணினி விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். அப்பா "கணினி அறிவு உண்டு" என்று முடிப்பார். மகள் "களஞ்சியம் மென்பொருளில் சம்பளப் பட்டியல் தயாரித்துத் தருவேன்" என்று எழுதுவார். இரண்டாவது ஆபத்தானது. அரசுச் சம்பளத்துக்கான அந்தத் தளத்தில் பட்டியலைத் தொடங்குபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவு உண்டு, ஓய்வோடு அவருடையது முடிந்துவிட்டது. வெளியாள் ஒருவர் பள்ளி எழுத்தரின் கடவுச்சொல்லில் உட்கார்ந்து பட்டியல் போட்டால், பின்னால் வரும் தவறு யார் தலையில் விழும் என்பதே பெரிய சண்டையாகும். "பட்டியல் பதிவேற்றும் முன் எழுத்தருடன் அமர்ந்து பதிவுகளைச் சரிபார்த்துத் தருவேன்" என்பது உண்மை, செய்யக்கூடியதும்கூட.

எல்லாவற்றையும்விடக் கூர்ந்து பார்த்து அடித்து நீக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. பலரும் பெருமையாக எழுதுவது: "துறை அலுவலர்களுடன் நல்ல தொடர்பு உண்டு, வேலையை விரைந்து முடித்துத் தருவேன்." தாளாளருக்கு இது பிடிக்கலாம். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு, சொந்தச் செல்வாக்கைக் காட்டி அரசு ஊழியரை முறைகேடாக ஒரு வேலை செய்யவைக்கப் பணம் பெறுபவரையும், பெற முயல்பவரையும் குற்றவாளியாக்குகிறது. அப்பாவுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லாமல் இருக்கலாம். எழுத்தில் கொடுத்த வாக்கு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்பதுதான் விஷயம். "குறையில்லாமல் தயாரித்துத் தருவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆணை பெற்றுத் தருவது ஆலோசகரின் வேலை அல்ல.

பக்க அமைப்பு அதிகம் யோசிக்க வேண்டியதல்ல. மொத்தம் ஒரு பக்கம். மேலே பெயர், ஊர், கைபேசி, மின்னஞ்சல். அடுத்து நான்கைந்து வரியில் செய்து தரும் வேலைகள். பிறகு பணிக்காலம் மூன்றே வரி: எந்தப் பதவி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. துறைத் தேர்வுகளுக்கு ஒரு வரி. சமூகம், மத விவரம், ஆதார் எண், ஓய்வூதியக் கொடுப்பாணை எண் எதுவும் வேண்டாம். ஆதாரும் கொடுப்பாணை எண்ணும் எந்தெந்தக் கைபேசிகளுக்கு முன்னனுப்பப்படும் என்று யாருக்கும் தெரியாது.

தட்டச்சில் ஒரு எச்சரிக்கை. அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் தட்டிப் பழகியவர் அதிலேயே அடித்து வேர்டு கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். தாளாளர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, கோப்பு கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, முதலில் வீட்டில் இன்னொருவரின் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பார்க்க வேண்டும். கோப்புக்குப் பெயரும் வேலையும் சேர்த்துப் பெயரிடுங்கள். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2' என்றால் பத்து கோப்புகளுக்கு நடுவில் யாருடையது என்றே தெரியாது.

கட்டணத்தை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம், ஆனால் அனுப்பும் முன் அப்பாவும் மகளும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். "நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் மனக்கசப்போடு நிற்பவர்கள் அதிகம். பணிப்பதிவேடு சரிபார்ப்புக்கு நாள் கணக்கு பொருந்தும், ஏனென்றால் ஒரு பதிவேட்டில் என்ன புதைந்திருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. ஓய்வூதியக் கருத்துருவுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசலாம். அப்போது குறிப்புரையோடு திரும்பி வந்தால் திருத்துவதும் அதே தொகைக்குள் அடங்குமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பள்ளி தர வேண்டிய காகிதம் தராததால் திரும்பியதற்கு அப்பா பொறுப்பல்ல, கூட்டல் தவறுக்குப் பொறுப்பு.