ரோட்டோ வேலையில் சேர்ந்து காம்பாசிட்டர் ஆவது எப்படி?

விஎஃப்எக்ஸ் துறையில், தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் காம்பாசிட்டர் ஆக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டோதான். நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, ஃபிரேம் ஃபிரேமாக அவரைச் சுற்றிக் கோடு போடும் வேலை. சம்பளம் குறைவு, மதிப்பும் அப்படித்தான்.

1. சேரும் முன் ஒரு கேள்வி

"இங்கே காம்ப் டீம் இருக்கிறதா? ரோட்டோவிலிருந்து கடைசியாக யார் அங்கே போனார்கள்?" என்று நேர்காணலிலேயே கேளுங்கள். வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு ரோட்டோ மட்டும் செய்து அனுப்பும் கம்பெனிகள் உண்டு. அங்கே எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஏறிப்போக மாடி இல்லை.

2. காம்ப் ஆட்கள் திருப்பி அனுப்பாத ரோட்டோ

ஒருவர் நடந்து வரும் 96 ஃபிரேம் ஷாட் என்று வைத்துக்கொள்வோம். 24 ஃபிரேம் கணக்கில் 4 விநாடி. ஆளைச் சுற்றி ஒரே கோடு போடாதீர்கள். தலை, உடல், மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் தனித்தனி ஷேப். கால் தரையைத் தொடும் ஃபிரேம், அதிகபட்சம் உயரும் ஃபிரேம் இரண்டிலும் முதலில் ஷேப்பைப் பொருத்திப் பதியுங்கள், அதுதான் கீ. பிறகு நடுவில் ஒன்று, தேவைப்பட்டால் அதற்கும் நடுவில். புதியவர்கள் பயத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ வைப்பார்கள். ஓட்டிப் பார்த்தால் விளிம்பு கொதிக்கிற மாதிரி நடுங்கும். நிறுத்திப் பார்த்தால் இது தெரியாது. ஆளை வெள்ளையாகவும் மற்றதைக் கருப்பாகவும் காட்டும் ஆல்ஃபாவை மட்டும் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

3. வீட்டில் ஒரு முழு ஷாட்

ஸ்டுடியோ ஃபுட்டேஜை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேலையே போகும். போனில் நீங்களே எடுங்கள். போன் வீடியோவில் ஃபிரேம் இடைவெளி சீராக இராது. அதனால் முதலில் படங்களாகப் பிரித்துவிடுங்கள்:

```
ffmpeg -i nadai.mp4 -vf fps=24 nadai.%04d.png
```

30-இல் எடுத்திருந்தால் fps=30 போடுங்கள்.

காம்ப் மென்பொருளான நியூக்கின் இலவசப் பதிப்பு பழகப் போதும். ஹெச்டி அளவுக்கு மேல் அவுட்புட் எடுக்க முடியாது, காசுக்கு வேலை செய்யவும் கூடாது. நோடு வரிசை இது:

```
Read > Roto > Grade > Premult > Merge
```

Grade-ஐ Premult-க்குப் பின்னால் வைத்துக் கருப்பை உயர்த்தினால், ஆளைச் சுற்றியுள்ள வெற்றிடமும் சேர்ந்து உயரும். பின்னணி முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளுத்தால் காரணம் இதுதான்.

4. கேட்கும் விதம்

இப்படி மூன்று ஷாட் சேர்ந்ததும், ஒவ்வொன்றுக்கும் அசல், ஆல்ஃபா, முடிவு என்ற வரிசையில் ஒரு நிமிட ரீல் வெட்டுங்கள். காம்ப் லீடிடம் பதவி கேட்காதீர்கள், "சின்ன ஷாட் ஒன்று கொடுங்கள்" என்று கேளுங்கள். டெலிவரி வாரத்தில் வேண்டாம். அது முடிந்த மறுவாரம் போங்கள். நேராகக் காம்ப் கிடைக்காமல், கம்பி அழிக்கும் பெயின்ட் வேலை கிடைத்தால் மறுக்காதீர்கள், அது பாதி வழி. ஒரு வருடமாகியும் ஒரு ஷாட்கூட வராவிட்டால், அதே ரீலோடு அடுத்த ஸ்டுடியோவுக்கு விண்ணப்பியுங்கள்.