குரூப் டிஸ்கஷனில் என் பேச்சு சரியான அளவுக்கு வந்த கதை

சேலத்தில் இன்டர்ன்ஷிப்புக்காகப் போன முதல் குரூப் டிஸ்கஷனில் நான் வாயே திறக்கவில்லை. இரண்டாவதில் யாரையும் பேச விடவில்லை. இரண்டிலும் தேர்வாகவில்லை. செய்தித்தாள் படித்தேன், தொடக்க வரிகளை மனப்பாடம் செய்தேன். பலனில்லை.

அப்புறம் ஹாஸ்டலில் எட்டுப் பேர் உட்கார்ந்து, வார இறுதியில் ஏற்காட்டுக்குத் தனியார் கார்களைத் தடுக்கலாமா என்று பேசி, போனில் பதிவு செய்தோம். கேட்டபோதுதான் புரிந்தது: நான் முழு அமைதிக்காகக் காத்திருக்கிறேன். அது வரவே வராது. பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் இறங்கும். அந்த நொடியிலேயே அடுத்தவர் நுழைந்துவிடுகிறார்.

டிஸ்கஷனுக்கான பதினைந்து நிமிடத்தை எட்டால் வகுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அதனால் அரை நிமிடமாக மூன்று, நான்கு முறை போதும் என்று வைத்துக்கொண்டேன். தாளில் வட்டம் போட்டு, யார் பேசினாலும் அவர் இடத்தில் ஒரு கோடு. என் கோடு மூன்றானதும் நிறுத்தி, கோடே இல்லாதவரைப் பார்த்தேன். "உங்கள் கருத்து என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் அவர் திணறுவார். "பேருந்து மட்டும் என்றால் மலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டதும் பேசினார்.

மூன்றாவது டிஸ்கஷனில் முந்தையவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டே நுழைந்தேன். நான்கு முறை பேசினேன். நேற்று தேர்வானதாகச் செய்தி வந்தது, பெரிய நிம்மதி.