நனைந்த பில், தொலைந்த டிஸ்சார்ஜ் சம்மரி: காப்பீட்டுப் பணம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அன்று தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிற்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்தது. அந்த வீட்டு அம்மாள் மதுரையில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நவம்பர் 16 அன்றுதான் டிஸ்சார்ஜ் ஆகி வந்திருந்தார். பில்கள், ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரு பாலித்தீன் பையில் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டிக்குள் இருந்தன. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மருத்துவமனைக்குக் கட்டிய பணம் 68,500 ரூபாய், மருந்துக்கடை பில்கள் ஏழும் சேர்ந்து 12,350 ரூபாய், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் 5,550 ரூபாய், ஆக மொத்தம் 86,400 ரூபாய்க்கான சான்று அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

முதல் தவறு அன்று மாலையே நடந்துவிட்டது. கடலுக்குப் போய்விட்டு வந்த மகன், ஈரத் தாள்களைப் பள்ளிச் சட்டையைத் தேய்ப்பதுபோல இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததாகத் தேய்த்த மருந்துக்கடை பில் மட்டும் ஓரத்திலிருந்து சாம்பல் நிறமாகி, கண்ணெதிரே முழுக்கக் கறுத்துப் போனது. மருந்துக்கடைகளும் கார்டு இயந்திரங்களும் தரும் வழவழப்பான தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சின் மேல்தான் எழுத்து பதிகிறது. ஆகவே இஸ்திரிப் பெட்டியும் லேமினேஷனும் அந்தத் தாளுக்கு எமன்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்து, கறுப்பு அட்டையாக வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. உப்புக் காற்றுக்குப் பயந்து நாம் போட்டு வைக்கும் மலிவான பிளாஸ்டிக் உறைகள்கூட, மாதக்கணக்கில் அந்தத் தாளோடு ஒட்டியிருந்தால் எழுத்தை வெளுக்கச் செய்துவிடும். நனைந்த தாளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து நிழலில் உலரவிட வேண்டும். பிரிப்பதற்கு முன்பே, இருக்கிற நிலையிலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேதமான தாளைக் குப்பையில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. பாதி கிழிந்த பில்லாக இருந்தாலும் அதில் பில் எண், தேதி, உள்நோயாளிக்கு மருத்துவமனை தரும் ஐ.பி. எண் ஆகிய மூன்றில் ஒன்று மிஞ்சியிருந்தால் போதும், மருத்துவமனையின் கணினியில் அந்தப் பதிவைத் தேடி எடுத்துவிடலாம். நகலோடு சேதமான அசலும் சேர்ந்து போகும்போது, அசலை வேறெங்கோ கொடுத்துப் பணம் வாங்கிவிட்டார்களோ என்ற சந்தேகத்திற்கும் இடமிருக்காது. காப்பீட்டு நிறுவனம் அசலைக் கேட்பதற்கு முதன்மையான காரணமே இந்தச் சந்தேகம்தான். இதைப் புரிந்துகொண்டால் மற்ற தவறுகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம், ஏனெனில் அதன்பின் நாம் சேர்க்கும் ஒவ்வொரு காகிதமும் இந்தச் சிகிச்சை நடந்தது, இந்தப் பணம் கட்டப்பட்டது, இதற்காக வேறு யாரிடமும் பணம் பெறவில்லை என்ற மூன்றையும் காட்டினால் போதும் என்பது தெளிவாகிவிடும். மங்கிய எண்ணின் மேல் பேனாவால் எழுதுவது இதற்கு நேர்மாறான வேலை. 1,830 என்பது படிக்க முடியாமல் இருந்தால் அது மங்கிய பில். அதன்மேல் நாமே எழுதிவிட்டால் திருத்தப்பட்ட பில்.

காகிதங்கள் எல்லாம் சேரட்டும், பிறகு தகவல் சொல்லலாம் என்று காத்திருப்பது அடுத்த தவறு. அந்த அம்மாளிடம் இருந்தது ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி. அந்தப் பாலிசியில் மருத்துவமனைச் செலவுக்கான ஆவணங்களை டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அவர்கள் கணக்கில் அது டிசம்பர் 16. தாமதத்திற்குக் காரணம் நம் கட்டுப்பாட்டை மீறியது என்று நிரூபித்தால், அந்தக் காரணத்தின் நியாயத்தைப் பார்த்துத் தாமதத்தை மன்னிக்கலாம் என்று பாலிசியிலேயே இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானது என்பதற்காக மட்டும் நியாயமான கிளெய்மைத் தள்ளிவிடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால் மழையால் ஆவணம் நனைந்தது என்று நவம்பர் மாதமே அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று கையில் இருப்பதற்கும், ஜனவரியில் போய் வாயால் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த மின்னஞ்சலில் பாலிசி எண், நோயாளி பெயர், மருத்துவமனை பெயர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, எவை சேதமாயின என்ற பட்டியல், எடுத்த படங்கள் ஆகியவை இருந்தால் போதும். முத்திரைத்தாளில் உறுதிமொழி வேண்டுமா, வேண்டுமானால் எந்த வாசகத்தில் வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிட வேண்டும். சில நிறுவனங்கள் வெள்ளைத்தாள் கடிதத்தையே ஏற்கின்றன. சில நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் கேட்கின்றன. சில தங்கள் படிவத்திலேயே உறுதிப் பத்திரம் கேட்கின்றன. கேட்காமலே முதல் வேலையாக நீதிமன்ற வாசலுக்குப் போய் எழுதி வாங்கி வந்த பத்திரம் பல நேரம் வீணாகிறது.

அந்தப் பத்திரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவது முக்கியம். நனைந்ததைத் தொலைந்தது என்று எழுதக்கூடாது. இரண்டு பில் மட்டும் காணாமல் போயிருக்கும்போது எல்லாமே போய்விட்டன என்று எழுதிவிட்டால், பின்னால் ஒன்று அகப்படும்போது நம் சொல்லே நமக்கு எதிராக நிற்கும். அசல்கள் உண்மையிலேயே வேறொரு காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்தால் தொலைந்த கதைக்குத் தேவையே இல்லை. அந்த நிறுவனம் சான்றொப்பமிட்ட நகல்களையும், எவ்வளவு கொடுத்தது என்ற தீர்வுக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக் கொடுத்தால் மற்ற நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்.

இனி, மருத்துவமனையில் நகல் வாங்கும் இடம். பணம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். பாம்பன் பாலம் தாண்டி மதுரைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. அந்த ஒரு நாளில் வரவேற்பில் நின்று வாய்மொழியாகக் கேட்டுவிட்டு, அவர்கள் கொடுத்ததைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நோயாளியால் வர முடியாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கொண்டுபோக வேண்டும். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்கநெறி விதிகள் சொல்கின்றன. ஆகவே, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மருத்துவ ஆவணப் பிரிவில் கேட்பது உரிமை, சலுகை அன்று.

அங்கே கேட்க வேண்டியது பழைய பதிவின் நகல். டாக்டர் நல்லவர், வேறொன்று புதிதாக எழுதித் தருகிறேன் என்று சொன்னாலும் பணிவாக மறுத்துவிடுவது நல்லது. நினைவிலிருந்து எழுதும்போது “ஆறு மாதமாக வயிற்று வலி” என்று முதலில் இருந்தது “சில ஆண்டுகளாக வலி” என்று மாறிவிடலாம். பித்தப்பைக் கல்லுக்கு அந்தப் பாலிசியில் 24 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. இவர்கள் பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்ததால் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தது. ஆனாலும் பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்ததை மறைத்தார்களோ என்ற புதிய கேள்வியை அப்படி ஒரு வரியே கிளப்பிவிடும்.

பில்லில் வந்த சிக்கல் வேறு மாதிரியானது. மகன் நவம்பர் 28 அன்று போய்க் கேட்டபோது கணினியில் மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பில் எண் பழையதுதான், தொகையும் அதுவேதான். ஆனால் தேதிக் கட்டத்தில் அச்சடித்த நாளான நவம்பர் 28 விழுந்திருந்தது. நகல் என்ற முத்திரையும் இல்லை. டிசம்பர் 13 அன்று எல்லாவற்றையும் அனுப்பிய பத்து நாளில் நிறுவனத்திடமிருந்து கேள்வி வந்தது: 16ஆம் தேதி டிஸ்சார்ஜ் ஆனவருக்கு 28ஆம் தேதி பில் எப்படி? மறுபடி மதுரைக்குப் போய், மருத்துவமனையின் கடிதத்தாளில் அசல் பில்லின் எண், தேதி, தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அசல் ஒருமுறை கொடுக்கப்பட்டது, அது மழையில் சேதமானதால் இந்த நகல் தரப்படுகிறது என்று கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வந்த பிறகே அது அடங்கியது. முதல் நாளே கவுன்டரில் நின்றபடி தேதிக் கட்டத்தைப் பார்த்திருந்தால் ஒரு பயணம் மிச்சம். செலவு விவரப் பட்டியலையும் பணம் கட்டிய ரசீதுகளின் நகலையும் அதே கவுன்டரில் கேட்டு வாங்கிவிட வேண்டும். இவர்கள் முன்பணமாக 20,000 ரூபாயை யுபிஐ மூலமும் மீதி 48,500 ரூபாயை ரொக்கமாகவும் கட்டியிருந்தார்கள். முன்பணத்திற்கு வங்கிக் கணக்கு அறிக்கை சாட்சி சொன்னது. ரொக்கத்திற்கு ரசீதின் நகலைத் தவிர வேறு சாட்சியே கிடையாது.

மருந்துக்கடை பில்கள் ஏழில் ஐந்து, நோயாளி பெயரையும் தேதியையும் சொன்னதும் கடைக் கணினியிலிருந்து கிடைத்துவிட்டன. மற்ற இரண்டும் பில் எண் இல்லாமல் கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள், இரண்டும் சேர்ந்து 1,140 ரூபாய். அவற்றுக்காக எங்கோ ஒரு கடையில் பழைய தேதி போட்டு எழுதி வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படி ஒரு போலிச் சீட்டு மாட்டினால் மிச்சமுள்ள 85,260 ரூபாயும் ஆபத்துக்குள்ளாகும் என்பதால் நான் வேண்டாமென்றேன், விட்டுவிட்டார்கள். பாலிசியில் கொடுக்கப்படாத பொருட்களுக்காக 3,260 ரூபாய் கழித்து, மீதி 82,000 ரூபாயில் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய 5 சதவீதமான 4,100 ரூபாயையும் கழித்து, 77,900 ரூபாய் கணக்கில் ஏறியது.

இவ்வளவும் கொடுத்த பிறகும் அசல் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுத்தால், கிளை அலுவலகத்தில் வாதாடிக்கொண்டு மாதங்களைக் கழிப்பது கடைசித் தவறாகிவிடும். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்திற்கு ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். மழை பெய்த வாரத்தில் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்பிரதியையும், தாள்களைப் பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் அந்தப் புகாரோடு முதலில் இணைக்க வேண்டும்.