பெற்றோருக்குச் சுற்றறிக்கை: அரசாணை வாடை போக, தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமை ஆசிரியர் சொல்வதைச் சுற்றறிக்கையாக எழுதித் தரும் வேலை பல வருடமாக என்னிடம் இருக்கிறது. இப்போது புதிதாக வரும் ஆசிரியர்களின் வரைவைத் திருத்தும்போது, நான் முன்பு செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, தேதிப்பிழை எல்லாம் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மிரட்டலுக்கு மேல் அன்பைப் பூசுவது

இந்த ஒன்று எனக்கு இன்னமும் எரிச்சலைத் தருகிறது. காலைத் தாமதம் பற்றி ஒரு முறை இப்படி எழுதினேன்:

"மாணவர்கள் காலை 8.45 மணிக்குள் பள்ளி வளாகத்திற்குள் இருத்தல் வேண்டும். தாமதமாக வருவோர் வகுப்பறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள். மீறும் பட்சத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

கடுமையாக இருக்கிறது, கொஞ்சம் கனிவாக மாற்றுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். தலையில் "பேரன்புமிக்க பெற்றோர்களே" என்று சேர்த்தேன். "அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடித்தேன். அப்படியே அச்சாகிப் போனது.

அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. அவன் அம்மாவிடம் கேட்டோம். "பஸ் லேட் சார். உள்ளே விட மாட்டீங்கன்னு எழுதியிருந்துச்சு, அதான் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார். பத்து நிமிடத் தாமதத்தைத் தடுக்க எழுதிய தாள், இரண்டு முழு நாள் படிப்பைப் பறித்துவிட்டது. அந்த அம்மா எங்கள் சொல்லை அப்படியே நம்பியவர். தவறு முழுக்க என் வாக்கியத்தில் இருந்தது.

"அனுமதிக்கப்பட மாட்டார்கள்", "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்", "எடுக்கப்படும்" என்ற வினைகளில் ஆளே கிடையாது. யார் அனுமதிக்க மாட்டார், யார் கேட்கிறார், யார் என்ன செய்வார் என்று தெரியாத இடத்தில் பெற்றோர் பயத்தை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். மேலே எத்தனை "அன்புடன்" போட்டாலும் அந்தப் பயம் குறையாது.

அதனால் திருத்தும்போது வினைமுற்றுகளைத்தான் முதலில் பாருங்கள். "பட", "படு" என்று வரும் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டு, செய்பவர் யார் என்று தலைமை ஆசிரியரிடமே கேளுங்கள். நான் கேட்டபோது அவர், "பிள்ளையை வெளியிலயா நிறுத்துவேன்? உள்ளே விடத்தான் செய்வேன். அடிக்கடி லேட்டானா வகுப்பாசிரியர் போன் பண்ணிக் கேட்பார்" என்றார். அவர் மனதில் இருந்தது அவ்வளவுதான். தாளில் இருந்தது வேறு. பிறகு இப்படி மாற்றினோம்:

"வணக்கம். காலை 8.45-க்கு வகுப்பு தொடங்குகிறது. முதல் பத்து நிமிடத்தில் ஆசிரியர் முந்தைய நாள் பாடத்தை நினைவுபடுத்துகிறார். அதைத் தவறவிடும் பிள்ளை அன்றைய பாடத்தில் தடுமாறுகிறது. 8.40-க்குள் உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது தாமதமானால் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள், அனுப்பி வையுங்கள். நாங்கள் வகுப்பில் சேர்த்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் மூன்று நாள் பிந்தினால் வகுப்பாசிரியர் உங்களை அழைப்பார். என்ன சிக்கல் என்று சேர்ந்து பார்ப்போம்."

விதி இதிலும் தளரவில்லை. நேரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மீறினால் என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. "பெற்றோர்கள்" என்று எங்கோ இருக்கும் கூட்டத்தைப் பற்றிப் பேசாமல், "உங்கள் பிள்ளை" என்று எதிரில் நிற்பவரிடம் பேசுகிறது. பள்ளி வாசலில் ஓர் அம்மாவிடம் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று படித்துப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே இன்னும் ஆணை மிச்சம் இருக்கிறது.

கனிவு என்று கெடுவைக் குழைப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் 15 என்றால், "இயன்றவரை 15-ஆம் தேதிக்குள்" என்று எழுதாதீர்கள். இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பி ஒருவர் 17-ஆம் தேதி வந்து நிற்பார். "15-ஆம் தேதி மாலை 4 மணி வரைதான் வாங்க முடியும். மறுநாள் காலை பட்டியலை அனுப்பிவிடுகிறோம். அதற்குள் பணம் புரட்டுவது சிரமம் என்றால் 10-ஆம் தேதிக்கு முன்பே என்னிடம் சொல்லுங்கள்" என்று எழுதலாம். மாற்ற முடியாததை மாற்ற முடியாது என்றே சொல்லிவிட்டு, வழி இருக்கும் இடத்தை மட்டும் காட்டினால் போதும்.

"மேற்படி", "பார்வை", "யாதெனில்"

அடித்துவிடுங்கள்.

ஒரே தாளில் நான்கு செய்திகள்

ஒன்று போதும். மற்றவை அடுத்த தாளில்.

முத்திரை மட்டும் இருக்கும் அடிப்பகுதி

தலைமை ஆசிரியரின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தால் அவரைப் பார்க்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த நேரத்தில் அவர் அறையில் இருப்பாரா என்று அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.