விகித வரைபடத்தில் ஒரு பொய்ப் பள்ளம்

பங்குச் சந்தைக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் போன வாரம் தம் விரிதாளைக் காட்டினார். 2022, 2023 ஆண்டுகளுக்கான ரிலையன்ஸ் விலையை அதே நாளின் ஓஎன்ஜிசி விலையால் வகுத்து ஒரு கோடு வரைந்திருந்தார். கோடு ஏறினால் ரிலையன்ஸ் முந்துகிறது, இறங்கினால் ஓஎன்ஜிசி முந்துகிறது. 2023 ஜூலை 20 அன்று கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. “இந்த விலகலில் ரிலையன்ஸை வாங்கி ஓஎன்ஜிசியை விற்றிருக்கலாம் இல்லையா, ஐயா?” என்றார். அன்று நான் அதைத்தான் செய்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. இப்படிப்பட்ட வரைபடத்தில் நடக்கும் மூன்று தவறுகளைச் சொல்கிறேன்.

சரிசெய்யாத விலையை வகுப்பது

அந்த ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. என்எஸ்இயில் முந்தைய நாள் 2841.85 ரூபாயில் முடிந்த பங்குக்கு, சிறப்பு முன்வர்த்தகத்தில் 2580 ரூபாய் என விலை அமைந்தது. மீதி 261.85 ரூபாய் எங்கும் தொலையவில்லை. ஒரு பங்குக்கு ஒன்றாகக் கிடைத்த ஜியோ பங்கின் மதிப்பு அது. ஓஎன்ஜிசி அசையாமல் இருந்திருந்தாலும் விகிதம் 9.2 சதவீதம் இறங்கியிருக்கும். யாரும் ரிலையன்ஸை வெறுத்து விற்கவில்லை.

என் விலைக் கோப்பில் போனஸும் பங்குப் பிரிப்பும் சரிசெய்யப்பட்டிருந்தன, இந்தப் பிரிவினை மட்டும் விடுபட்டிருந்தது. ஆறு மாதச் சராசரியைவிட விகிதம் வெகுவாகத் தாழ்ந்துவிட்டது என்று நம்பி ஃபியூச்சர்ஸில் இறங்கினேன். செப்டம்பர் முடிவதற்குள் ரிலையன்ஸ் மேலும் இறங்கியது, ஓஎன்ஜிசி ஏறியது. வெளியேறிய தொழிலின் மதிப்பு திரும்பி வந்து பள்ளத்தை நிரப்பும் என்று நான் காத்திருந்திருக்கிறேன்!

இதைக் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான விலகல் பெரும்பாலும் பல நாட்களில் சரிந்து உருவாகும். பொய்ப் பள்ளம் ஒரே நாளில் படிக்கட்டுபோல் இறங்கி, பிறகு புதிய மட்டத்திலேயே ஊசலாடும். அப்படி ஒரு படியைப் பார்த்ததும் பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்தத் தேதிக்கான நிறுவன அறிவிப்புகளைப் பாருங்கள். பிரிவினை என்றால், அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் 2580 ÷ 2841.85, அதாவது 0.908 ஆல் பெருக்கிவிட்டு மறுபடி வகுங்கள். இளைஞரின் கோப்பில் இதைச் செய்தோம். அவர் காட்டிய விலகலில் பெரும்பகுதி அங்கேயே மறைந்தது.

ஒரேயடியாக விழும் படி எல்லாமே பொய்யல்ல என்பதும் உண்மை. மோசமான காலாண்டு முடிவும் அப்படி விழவைக்கும். அப்போது வர்த்தக அளவு வழக்கத்தைவிடப் பெருகியிருக்கும், சந்தையின் இணையதளத்தில் பிரிவினை அறிவிப்பு இருக்காது.

விகிதம் ஏறினால் பங்கும் ஏறியது என்று எண்ணுவது

100 ரூபாய்ப் பங்கு 90க்கும், இன்னொரு 100 ரூபாய்ப் பங்கு 80க்கும் இறங்கினால், விகிதம் 1லிருந்து 1.125க்கு ஏறும். இரண்டையும் வைத்திருப்பவருக்கு நட்டம்தான்.

இரு பக்கமும் சம எண்ணிக்கையில் எடுப்பது

ஒரு பங்கை வாங்கி மற்றொன்றை விற்கும்போது எண்ணிக்கை அல்ல, ரூபாய் மதிப்பு சமமாக இருக்க வேண்டும்.