ஒலான்சபின் பசியும் மரச்சீனிக்கிழங்கும்

காதில் கேட்ட குரல்களுக்காக ஒலான்சபின் மாத்திரை தொடங்கிய பிறகு, ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதுமே மறுபடி பசிக்கும். அடுக்களையில் மீந்த மரச்சீனிக்கிழங்கு என்னிடமிருந்து தப்பாது. மூன்று மாதத்தில் எடை 62 கிலோவிலிருந்து 70 ஆனது. தக்கலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன்: சர்க்கரை 112, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240. சர்க்கரை நோய் இல்லை, அதன் வாசல்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் குரல்கள் திரும்பிவிடலாம். வாராவாரம் குறித்த எடையை டாக்டரிடம் காட்டினேன். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையையும் சேர்த்தார். போதவில்லையென்றால் ஒலான்சபினிலிருந்து மெல்ல, எடையை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிப்ரசோலுக்கு மாற்றலாம் என்றார், நோய் திரும்புகிறதா என்று கவனித்தபடி.

ராத்திரி கிழங்குக்குப் பதில் மீனும் பயறும். பசி முழுசாக அடங்கவில்லை, அது மருந்தின் வேலை. ஆறாம் மாதம் எடை 67, சர்க்கரை 98. டிரைகிளிசரைடு 180-இல் நிற்பதால் அதை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.